கோடிக்கால்வாய் அடைப்பு: மனுவை யார் பெயருக்கு எழுதுவது?

கிழக்குத்தெரு, 8-11-2023

எங்கள் ஊர் ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்தத் தண்ணீர் ஒரு கால்வாய் வழியாக வந்து, தார்ச்சாலைக்கு அடியில் உள்ள சின்னப் பாலத்தைத் தாண்டி, கீழே இருக்கும் ஓடையில் சேர வேண்டும். போன வருட மழையில் அது பாலத்துக்கு முன்னாலேயே நின்று எங்கள் தெருவுக்குள் திரும்பியது. 14 வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர். என் அம்மா இரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

டிசம்பரில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தேன். அது ஒன்றிய அலுவலகத்துக்குப் போனது. 'சாலை நெடுஞ்சாலைத் துறையைச் சார்ந்தது' என்று பதில் வந்து மனு முடிக்கப்பட்டது. பிப்ரவரியில் 1100-க்குப் பேசினேன். அது நெடுஞ்சாலைக்குப் போய், 'பாலம் நல்ல நிலையில் உள்ளது, கால்வாய் நீர்வளத்துறை சார்ந்தது' என்று முடிந்தது. ஜூனில் நீர்வளத்துறைக்கே நேரடியாக எழுதினேன். 'ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் உள்ளது' என்றார்கள். சுற்றி வந்து முதல் இடத்திலேயே நிற்கிறேன்.

இப்போது மறுபடி மழை. நான்காவது மனுவை யார் பெயருக்கு எழுதுவது?

இரும்புக்கடை, 8-11-2023

சாலையோர மைல்கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. இரண்டும் இல்லை என்றால் ஊராட்சி சாலைதான். ஒன்றிய அலுவலகம் பொய் சொல்கிறது.

மூன்றாம்வட்டம், 8-11-2023

கீழே இருப்பவர்களுக்கு எழுதிப் பயனில்லை. அமைச்சருக்கும் தலைமைச் செயலாளருக்கும் பதிவுத் தபால் போடுங்கள். மேலே இருந்து வந்தால் தானாக வேலை நடக்கும்.

பழைய தபால்பிரிவு, 9-11-2023

மேலே போடும் மனு மேலேயே தங்காது. தலைமைச் செயலகத்திலிருந்து துறைக்கு, அங்கிருந்து மாவட்டத்துக்கு, கோட்டத்துக்கு என்று இறங்கி, கடைசியில் அதே உதவிப் பொறியாளர் மேசைக்குத்தான் வரும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் 'இது எந்தத் துறை' என்று முடிவு செய்வார். படி கூடக் கூட, தவறான கிளைக்குத் திரும்பும் வாய்ப்பும் கூடும்.

நான் கலெக்டர் அலுவலகத்தில் மனுக்களைப் பிரித்து அனுப்பும் இடத்தில் பல வருடம் உட்கார்ந்தவள். ஒரு திங்களில் நூற்றுக்கணக்கில் மனு வரும். முழுதாகப் படிக்க நேரம் இருக்காது. 'பொருள்' என்ற வரியைப் படிப்போம், கடைசிப் பத்தியில் என்ன கேட்கிறார் என்று பார்ப்போம், மேலே ஒரு துறையின் பெயரை எழுதுவோம். ஒரே ஒரு துறை. உங்கள் மனுவில் ஏரி, பாலம், கால்வாய் மூன்றும் இருந்திருக்கும். பிரிப்பவர் கண்ணில் எது முதலில் பட்டதோ அங்கே போயிருக்கும். போன இடத்தில் 'நம்முடையது அல்ல' என்று ஒரு பாதியைச் சொல்லி முடித்திருப்பார்கள். அது பொய்யாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மூன்று அலுவலகமும் உங்களுக்கு உண்மையைத்தான் எழுதியிருக்கலாம்.

நான்கு விஷயம் சொல்லுங்கள். மனுவில் 'பொருள்' என்று என்ன எழுதினீர்கள்? பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏதாவது எண் எழுதியிருக்கிறதா? ஏரியின் ஆயக்கட்டு எத்தனை ஏக்கர்? தண்ணீர் நிற்கும் இடத்தின் சர்வே எண் என்ன?

இரும்புக்கடைக்கு: மஞ்சளும் பச்சையும் நீங்கள் சொன்னபடிதான். ஆனால் அந்த இரண்டும் இல்லை என்றால் ஊராட்சி சாலை என்று ஆகிவிடாது. மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை என்று இன்னும் இரண்டு வகை உண்டு. அவையும் நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருப்பவை. ஒன்றியச் சாலையைத் தரம் உயர்த்தி நெடுஞ்சாலைத் துறை எடுத்துக்கொண்ட பிறகும் பழைய கல் அப்படியே நிற்கும். கல்லை மட்டும் நம்பாதீர்கள்.

கிழக்குத்தெரு, 9-11-2023

நன்றி ஐயா. பொருள்: 'எங்கள் தெருவில் மழைநீர் தேங்குவதைத் தடுக்க ஆவன செய்யக் கோருதல்'. மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துச் சொல்கிறேன்.

பழைய தபால்பிரிவு, 9-11-2023

அம்மா என்றே சொல்லுங்கள். அந்த வரியைப் பார்த்தால் நானே ஒன்றிய அலுவலகத்துக்குத்தான் அனுப்பியிருப்பேன். 'தெரு' என்று வந்தாலே உள்ளாட்சி.

கிழக்குத்தெரு, 11-11-2023

இன்று காலை பாலத்துக்குப் போனேன். சுவர் முழுக்கப் பாசி. தேய்த்துப் பார்த்தால் கறுப்பு மையில் 5/2 என்று மங்கலாகத் தெரிகிறது. ஐந்து வருடமாக அதன் மேல் நடக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

ஏரி ஆயக்கட்டை ஏரிக்கரைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். 62 ஏக்கர் என்றார். கிராம நிர்வாக அலுவலரும் அதையே சொன்னார்.

சர்வே எண்ணுக்கு eservices.tn.gov.in தளத்தில் 'அ' பதிவேடு பார்த்தேன். மாவட்டம், வட்டம், கிராமம், எண் போட்டால் போதும். எண் தெரியாததால் முதலில் என் வீட்டுப் பட்டாவில் இருக்கும் எண்ணைப் போட்டு, பக்கத்து எண்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். புலப்படமும் அங்கேயே கிடைத்தது. பாலத்துக்கு மேற்கே கால்வாய் ஒரு தனி எண், அரசு நிலம், 'வாய்க்கால்' என்று இருக்கிறது. பாலம் சாலையின் எண்ணில் வருகிறது. கிழக்கே கால்வாய் மறுபடி வேறு எண். புலப்படத்தில் அது ஏறக்குறைய மூன்று ஆள் நீள அகலம் இருக்க வேண்டும். நேரில் பார்த்தால் ஒருவர் தாண்டிக் குதிக்கலாம். இரண்டு பக்கமும் மண் கொட்டி வேலி போட்டிருக்கிறார்கள்.

ஆக, பாலத்தில் அடைப்பு என்று நான் நினைத்தது பாதிதான் சரி.

மெட்ராஸ்மழை, 11-11-2023

எங்கள் சென்னையிலும் இதே கதைதான். தெருவில் தண்ணீர் நின்றது, மாநகராட்சியின் 1913-க்கு மூன்று முறை சொன்னேன், வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அது மழைநீர் இல்லை, கழிவுநீர்க் குழாய் அடைத்துப் பொங்கியது. அதற்குக் குடிநீர் வாரியத்தின் 1916. நாற்றம் இருந்தால் வாரியம், இல்லை என்றால் மாநகராட்சி என்று இப்போது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். நீங்களும் 1913-க்குப் பேசிப் பாருங்களேன்.

கிழக்குத்தெரு, 11-11-2023

நான் கிராமத்தில் இருக்கிறேன், எங்களுக்கு அந்த எண் கிடையாது. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதை எடுத்துக்கொள்கிறேன்.

பழைய தபால்பிரிவு, 12-11-2023

தீபாவளி அன்று எழுதுகிறேன், பேரன்கள் வெடி வைக்கும் சத்தத்தில். நாளையும் விடுமுறை, அதனால் அவசரம் இல்லை, பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் கொண்டுவந்த விவரத்தில் எல்லாமே இருக்கிறது. 5/2 என்பது நெடுஞ்சாலைத் துறை தன் சாலையில் உள்ள சிறுபாலங்களுக்குப் போடும் எண். முதல் எண் கிலோமீட்டர், இரண்டாவது அந்தக் கிலோமீட்டருக்குள் எத்தனையாவது பாலம். ஊராட்சி சாலையில் இப்படி எண் போட்டு நான் பார்த்ததில்லை. ஆகவே பாலம் நெடுஞ்சாலைத் துறை. அந்தச் சாலையில் புல் வெட்டும் சாலைப் பணியாளரைப் பிடித்து, அவர் எந்தப் பிரிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறார் என்று கேளுங்கள். அதுதான் உங்கள் உதவிப் பொறியாளர் அலுவலகம். நெடுஞ்சாலைத் துறைக்குள்ளேயே தேசிய நெடுஞ்சாலைக்குத் தனி அலகு, மற்ற சாலைகளின் பராமரிப்புக்குத் தனி அலகு. ஒரே ஊரில் இரண்டு பலகையும் தொங்கும். உங்களுக்கு வேண்டியது 'கட்டுமானம் மற்றும் பராமரிப்பு' என்று பலகையில் இருக்கும் உதவிக் கோட்டப் பொறியாளர்.

ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைவு என்றால் ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பு. அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. 62 ஏக்கர் என்பதால் நீர்வளத்துறை உங்களுக்குச் சொன்னது சரி. ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள், ஒருவர் வட்டார ஊராட்சி, மற்றவர் கிராம ஊராட்சி. தெருவிளக்கு, குடிநீர், தெருவடிகால் எல்லாம் இரண்டாமவர். ஒன்றிய ஏரியும் ஒன்றியச் சாலையும் முதலாமவர். 'வட்டார வளர்ச்சி அலுவலர்' என்று மொட்டையாக எழுதினால் உள்ளேயே ஒரு வாரம் அலையும்.

கிழக்கே மண் கொட்டியது ஆக்கிரமிப்பு. நிலம் அரசுப் புறம்போக்கு என்றால் அதை எடுக்க வேண்டியவர் வட்டாட்சியர். பொறியாளர் யாரும் அங்கே கை வைக்க முடியாது.

ஒரே நீர், மூன்று சொந்தக்காரர்கள். ஆகவே மூன்று மனு எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரு இடம், ஒரு கோரிக்கை. மற்ற இரண்டைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். வைத்தால் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு திருப்பி அனுப்புவார்கள்.

சட்டப்படி, 12-11-2023

இவ்வளவு அலைச்சல் தேவையே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பிரிவு 6(3) இருக்கிறது. எந்த அலுவலகத்தில் கொடுத்தாலும் 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும். யார் பெயருக்கு எழுதினாலும் ஒன்றுதான்.

பழைய தபால்பிரிவு, 13-11-2023

அந்தப் பிரிவு தகவல் கேட்கும் விண்ணப்பத்துக்கு, குறை மனுவுக்கு அல்ல. 'பாலத்தைத் தூர்வாருங்கள்' என்று அதில் கேட்டால், 'கோரப்பட்டது தகவல் அல்ல' என்று பதில் வரும்.

ஆனால் அவர் சொல்வதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. உரிமையாளர் யார் என்றே தெரியாவிட்டால் அதையே தகவலாகக் கேட்கலாம். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, 'இன்ன சர்வே எண்ணில் உள்ள கால்வாயின் பராமரிப்பு எந்த அலுவலகத்தின் பொறுப்பு, அதற்கான பதிவேட்டுப் பக்கத்தின் நகல் தருக' என்று. 30 நாளில் எழுத்தில் பதில் வந்தால், பிறகு யாரும் 'எங்களுடையது அல்ல' என்று சொல்ல முடியாது. இந்த வழக்கில் மேற்குக் கால்வாய் ஒன்றியமா வருவாய்த்துறையா என்பதில் எனக்கே கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. அதற்கு மட்டும் போடுங்கள்.

சட்டப்படி, 13-11-2023

சரி, குறை மனுவுக்கு 6(3) பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய மறக்காதீர்கள். அந்தக் கெடுவைத் தவறவிட்டு நான் ஒரு விஷயத்தை இழந்திருக்கிறேன்.

கிழக்குத்தெரு, 18-11-2023

மூன்று மனுவும் எழுதிவிட்டேன். நெடுஞ்சாலைக்கு எழுதியதைக் கீழே வைக்கிறேன், தவறு இருந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள்.

'பெறுநர்: உதவிக் கோட்டப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை, கட்டுமானம் மற்றும் பராமரிப்பு. பொருள்: எங்கள் சாலையில் கி.மீ. 5/2 சிறுபாலம், இரண்டு கண்களில் ஒன்று முழுவதும் மண்ணால் அடைபட்டுள்ளது, தூர்வாரக் கோருதல். கடந்த ஆண்டு மழையில் இந்தப் பாலத்தின் மேற்கே நீர் தேங்கி 14 வீடுகளுக்குள் புகுந்தது. 11-11-2023 அன்று எடுத்த இரு புகைப்படங்கள் இணைப்பில். பாலத்தின் கண்களைத் தூர்வாரித் தர வேண்டுகிறேன்.'

முதலில் எழுதியபோது இரண்டு பக்கம் வந்தது. அம்மாவின் கட்டில் கதையும் இருந்தது. எடுத்துவிட்டேன், மனமில்லாமல்.

பழைய தபால்பிரிவு, 18-11-2023

நன்றாக இருக்கிறது. சாலையின் பெயரைத் துறையின் பலகையில் உள்ளபடி, இந்த ஊர் முதல் அந்த ஊர் வரை என்று எழுதுங்கள். 'எங்கள் சாலை' என்பது அவர்கள் பதிவேட்டில் கிடையாது.

வட்டாட்சியருக்கு எழுதியதில் என்ன கேட்டிருக்கிறீர்கள்? 'ஆக்கிரமிப்பை அகற்றுக' என்றா? அதை மாற்றுங்கள். 'இந்த சர்வே எண்ணை அளந்து, எல்லைக் கல் நட்டு, ஆக்கிரமிப்பு இருப்பின் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கவும்' என்று கேளுங்கள். அளக்காமல் அறிவிப்புக் கொடுத்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். அளவை முதல் படி. அது உடனே வட்ட நில அளவர் மேசைக்குப் போகும், போய்ச் சேர்ந்ததா என்று நீங்களும் கேட்க முடியும்.

கிழக்குத்தெரு, 20-11-2023

மூன்றையும் அந்தந்த அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினேன். ஒன்றியத்தில் 'கலெக்டரிடம் கொடுங்கள், அங்கிருந்து வரட்டும்' என்றார்கள். முத்திரை மட்டும் போடுங்கள் என்று நின்றேன், போட்டார்கள். கலெக்டர் அலுவலக மனுநாளிலும் மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்தேன், மூன்று மனு எண் கிடைத்தது.

இரும்புக்கடை, 22-11-2023

நானும் எங்கள் கடைத்தெருப் பாலத்தைப் போய்ப் பார்த்தேன். மைல்கல்லில் எந்த நிறமும் இல்லை, ஆனால் பாலத்தில் 11/4. அம்மா சொன்னது சரி, நான் இரண்டு வருடமாக ஊராட்சித் தலைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கிழக்குத்தெரு, 30-11-2023

இன்று பாலத்தில் ஆட்கள்! சாலை ஆய்வாளர் ஒருவரும் ஐந்து பேரும் வந்து, அடைத்திருந்த கண்ணில் இருந்து மண்ணை வெட்டி எடுத்தார்கள். கொடுத்துப் பத்து நாள். பொறியாளர் அலுவலகத்தில் கேட்டேன், 'பாலம் எண் போட்டிருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை' என்றார்.

எடுத்த மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டார்கள். மழை வந்தால் திரும்ப விழும். மறுபடி அலுவலகம் போய்ச் சொன்னேன், மறுநாள் டிராக்டர் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

கிழக்குத்தெரு, 5-12-2023

மிக்ஜாம் மழை. டிராக்டர் வந்தது, மண் போய்விட்டது, பாலம் இரண்டு கண்ணிலும் தண்ணீர் வாங்கியது. நான் குடை பிடித்துக்கொண்டு இரவு இரண்டு மணி வரை அங்கேயே நின்றேன். ஆனால் கிழக்கே வேலி போட்ட இடத்தில் முட்டிக்கொண்டு மெதுவாகப் பின்னால் ஏறியது. போன வருடம் 14 வீடு, இந்த முறை 3 வீடு. எங்கள் வீடு அந்த மூன்றில் இல்லை. பக்கத்து வீட்டு அத்தையின் வீடு இருக்கிறது, அதனால் சந்தோஷப்பட முடியவில்லை.

மூன்றாம்வட்டம், 6-12-2023

நானும் என் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அமைச்சருக்கு அனுப்பிய என் மனு ஏழு மாதம் கழித்து, நான் முதலில் போயிருக்க வேண்டிய அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட ஒவ்வொரு அலுவலகத்தின் முத்திரையும் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது.

ஆனாலும் மேலே ஒரு நகல் போனதால்தான் கீழே பயந்து செய்தார்கள் என்று இன்னும் நினைக்கிறேன்.

பழைய தபால்பிரிவு, 6-12-2023

நகல் போடுவதில் எனக்கும் மறுப்பு இல்லை. பெறுநர் சரியானவராக இருந்து, நகல் அவருக்கு நேர் மேலே உள்ளவருக்குப் போனால் நல்லது. உதவிக் கோட்டப் பொறியாளருக்கு எழுதினால் நகல் கோட்டப் பொறியாளருக்கு. பத்துப் பேருக்கு நகல் போட்டால், 'மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று பத்துப் பேரும் இருப்பார்கள்.

கிழக்குத்தெரு, வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்து ஏதாவது கடிதம் வந்ததா? வந்தால் மேலே 'ந.க.எண்' பாருங்கள். எண், ஆண்டு, அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும். அந்தக் கடைசித் துண்டு, கோப்பு இருக்கும் மேசை. அடுத்த முறை போகும்போது 'என் மனு என்ன ஆச்சு' என்று கேட்காமல் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கிழக்குத்தெரு, 19-12-2023

கடிதம் வந்தது, நில அளவருக்கு அனுப்பியதாக. ந.க.எண் இருக்கிறது, முடிவில் 'ஆ3'. உள்ளே போய் ஆ3 மேசை எது என்று கேட்டேன், நேராகக் காட்டினார்கள். அந்த எழுத்தர் கோப்பை எடுத்துக் காட்டினார். நில அளவர் ஜனவரியில்தான் வர முடியும், வெள்ளச்சேதக் கணக்கெடுப்பு நடக்கிறது என்றார். அது உண்மை, என்னால் கோபப்பட முடியவில்லை.

தகவல் சட்டத்தில் கேட்டதற்கும் பதில் வந்தது. மேற்குக் கால்வாய் ஒன்றியத்தின் பராமரிப்பு என்று, பதிவேட்டு நகலோடு. அம்மாவின் சந்தேகம் தீர்ந்தது.

கிழக்குத்தெரு, 27-1-2024

நேற்று குடியரசு தின கிராம சபையில் பதிவேட்டு நகலை வைத்துப் பேசினேன். மேற்குக் கால்வாயை ஒவ்வொரு வருடமும் ஆடிக்குள் தூர்வார ஒன்றியத்தைக் கேட்டுத் தீர்மானம் எழுதப்பட்டது. தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன், முதலில் அதில் சர்வே எண்ணை விட்டுவிட்டிருந்தார்கள்.

நில அளவர் 11ஆம் தேதி வந்து அளந்து மூன்று கல் நட்டார். வேலி கால்வாய்க்குள்தான் இருக்கிறது.

சட்டப்படி, 28-1-2024

இனி அந்த 1905 சட்டத்தின் பிரிவு 7 அறிவிப்பு வேலி போட்டவருக்குப் போகும். அவர் பதில் தரலாம், மேல்முறையீடும் செய்யலாம். நாளாகும்.

கிழக்குத்தெரு, 12-2-2024

அறிவிப்பு போயிருக்கிறது. வேலி போட்டவர் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்கிறார். அவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான், என் அப்பாவோடு படித்தவர். போன வாரம் டீக்கடையில் பார்த்தபோது பேசாமல் எழுந்து போனார். அது எனக்கு வலிக்கிறது. ஆனால் 3 வீட்டுக்குள் வந்த தண்ணீரையும் நான் பார்த்தேன்.

நடப்பட்ட மூன்று கல்லில் ஒன்றைக் காணவில்லை. அதற்கு யாரிடம் போவது, ஆ3-க்கா, நில அளவருக்கா, காவல் நிலையத்துக்கா?

பழைய தபால்பிரிவு, 12-2-2024

முதலில் ஆ3. அதே ந.க.எண்ணைப் பார்வையில் போட்டு, எந்தக் கல், எந்தத் தேதியில் காணவில்லை என்று இரண்டு வரி. நட்ட கல் வருவாய்த்துறையுடையது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டியவர்களும் அவர்களே. நீங்கள் நேரடியாகப் போனால் அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான தகராறாகப் பதிவாகும்.